வண்டி எந்தப் பக்கம் போகிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது: வீடியோ எந்த நாட்டுச் சாலை என்று கண்டுபிடிப்பது எப்படி?

2025 மார்ச் 28 அன்று மியான்மரில் மாண்டலே பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. அங்கிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த அரசுத் தணிக்கை அலுவலகக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் எல்லையோரம் இருக்கும் ருயிலியிலும் வீடுகள் சேதமாயின. ஒரே நாள், ஒரே நடுக்கம், மூன்று நாடுகள். இந்த மாதிரி நேரத்தில் எல்லா வீடியோவுக்கும் மேலே ஒரே வரிதான் எழுதியிருக்கும்: "மியான்மர் பூகம்பம்". கட்டடம் ஆடுகிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள், ரோட்டில் வண்டிகள் நிற்கின்றன. பெயர்ப்பலகை எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இது எந்த ஊர்?

இந்த மூன்று நாடுகளையும் பிரித்துக்காட்ட இரண்டே கேள்விகள் போதும். வண்டிகள் சாலையின் எந்தப் பக்கம் போகின்றன? ஸ்டியரிங் வண்டியின் எந்தப் பக்கம் இருக்கிறது? தாய்லாந்தில் இடப்பக்கப் போக்குவரத்து, வலப்பக்க ஸ்டியரிங். சீனாவில் வலப்பக்கப் போக்குவரத்து, இடப்பக்க ஸ்டியரிங். மியான்மரில் வலப்பக்கப் போக்குவரத்து, ஆனால் ஓடும் கார்களில் ஏராளமானவற்றுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். மூன்றுக்கும் மூன்று விதமான விடை. இது எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும் என்பதை அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

## முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்

நம்மில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறோம். "லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்" என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது ஸ்டியரிங்கையா, சாலையின் பக்கத்தையா என்று பாதி நேரம் அவருக்கே தெரியாது. இந்தக் கட்டுரையில் "இடப்பக்கப் போக்குவரத்து" என்றால் நம் ஊர் மாதிரி, வண்டிகள் சாலையின் இடது ஓரத்தை ஒட்டிப் போவது. "வலப்பக்க ஸ்டியரிங்" என்றால், ஓட்டுநர் தன் இருக்கையில் முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டியின் வலது பாதியில் இருப்பது. அவ்வளவுதான்.

முதலாவது, சட்டம் சாலைக்குப் போட்ட விதி. அது பொதுவாக நாடு முழுக்க ஒன்றாக இருக்கும், மாற்ற வேண்டுமென்றால் ஒரே நாளில் எல்லோருக்கும் மாற்றியாக வேண்டும். இரண்டாவது, வண்டி எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்வது. வண்டிகள் கப்பல் ஏறும், கை மாறும், இருபது வருடம் ஓடும். அதனால்தான் இரண்டும் சில நாடுகளில் பொருந்தாமல் போகின்றன. துப்பு தேடுகிறவருக்குப் பொருந்தாத இடம்தான் தங்கம்.

பொதுவான விதி இது: ஓட்டுநர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி உட்காருவார், பக்கத்து இருக்கைக்காரர் ஓரத்தை ஒட்டி உட்காருவார். எதிரே வருகிற வண்டியைப் பார்த்து முந்துவதற்கு அதுதான் வசதி. இந்தியாவிலும் அப்படித்தான், அமெரிக்காவிலும் அப்படித்தான், பக்கம் மட்டும்தான் மாறுகிறது. இந்த விதியை வைத்து உலகை நாலாகப் பிரிக்கலாம்.

1. இடப்பக்கப் போக்குவரத்து, வலப்பக்க ஸ்டியரிங்: இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரிட்டன், கென்யா, தென்னாப்பிரிக்கா. உலக மக்கள் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பக்கம்.

2. வலப்பக்கப் போக்குவரத்து, இடப்பக்க ஸ்டியரிங்: சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், வளைகுடா நாடுகள், ஐரோப்பாவின் பெரும்பகுதி, அமெரிக்கா, கனடா. உலகின் பெரும்பாலான நாடுகள்.

3. வலப்பக்கப் போக்குவரத்து, ஆனால் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகள் மிகுதி: மியான்மர், மங்கோலியா, ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விளாடிவோஸ்டாக் பகுதி. காரணம் எல்லா இடத்திலும் ஒன்றே, ஜப்பானில் ஓடிய பழைய கார்கள். நல்ல நிலையில், மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கிவிட்டார்கள்.

4. இடப்பக்கப் போக்குவரத்து, ஆனால் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகள் மிகுதி: மிக அபூர்வம். கரீபியன் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான வர்ஜின் தீவுகள் இப்படி, பஹாமாஸிலும் ஓரளவு பார்க்கலாம். அமெரிக்காவிலிருந்து கார் வருகிறது, சாலை விதி பழைய காலத்தது. 1967 செப்டம்பர் 3 வரை ஸ்வீடனும் இப்படித்தான் இருந்தது, அன்று ஒரே காலையில் நாடே பக்கம் மாறியது.

## சாலையின் பக்கத்தை எப்படிப் படிப்பது

ஒரே ஒரு வண்டியைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அது முந்திக்கொண்டிருக்கலாம், ஒருவழிப் பாதையில் போகலாம், நம் ஊர் வழக்கப்படி தப்பான பக்கத்தில் சாவகாசமாக வந்துகொண்டிருக்கலாம். எதிரெதிர்த் திசையில் போகிற இரண்டு வண்டிகளாவது வேண்டும்.

கேமரா சாலையின் நடுவிலோ வண்டிக்குள்ளோ இருந்தால் சுலபம். எதிரே வருகிறவர்கள் நமக்கு வலது கைப்பக்கம் கடந்தால் இடப்பக்கப் போக்குவரத்து. கேமரா நடைபாதையில் நின்று சாலையைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதற்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாடமே போதும்: சாலையைக் கடக்கும் முன் முதலில் வலது பக்கம் பார். ஏன் வலது பக்கம்? நமக்குப் பக்கத்து ஓரத்தில் வருகிற வண்டி வலதிலிருந்துதான் வரும். ஆக, கேமராவுக்கு மிக அருகில் ஓடும் வண்டிகள் படத்தில் வலதிலிருந்து இடமாகப் போனால் நம் மாதிரி நாடு. இடமிருந்து வலமாகப் போனால் துபாய் மாதிரி, சீனா மாதிரி நாடு.

நடுவில் சுவர் வைத்த அகலமான சாலையில் ஒரு பாதிதான் தெரியும். அங்கே எதிர்வண்டியே கிடையாது. அப்போது அந்தத் தடுப்புச் சுவர் வண்டிகளுக்கு எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கப் போக்குவரத்தில் தடுப்பு எப்போதும் ஓட்டுநருக்கு வலது கைப்பக்கம். ரவுண்டானா தெரிந்தால் இன்னும் நல்லது, இடப்பக்க நாடுகளில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுவார்கள்.

வண்டிகளே நகரவில்லை, எல்லாம் நின்றுவிட்டன என்றால்? நின்ற வண்டிகளின் முகம் போதும். ஒரு பாதியில் பின்விளக்குகள், இன்னொரு பாதியில் முன்விளக்குகள். நம்மைப் பார்த்து நிற்கும் வரிசை படத்தின் எந்தப் பாதியில் இருக்கிறது என்பதே விடை.

## ஸ்டியரிங்கை எப்படிப் படிப்பது

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். கார் நம்மைப் பார்த்து வருகிறது, கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் படத்தின் இடது பக்கம் தெரிகிறார். உடனே "இடப்பக்க ஸ்டியரிங்" என்று எழுதிவிடுவார்கள். தப்பு. எதிரே நிற்பவரின் வலது கை நமக்கு இடது பக்கம்தானே இருக்கும்? வண்டி நம்மை நோக்கி வந்தால் படத்தின் இடதுதான் வண்டியின் வலது. குழப்பமாக இருந்தால் மனசுக்குள் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்து முன்னே பாருங்கள்.

இன்னொரு பிரச்சினை, ஸ்டியரிங் கண்ணுக்கே தெரியாது. வானத்தின் பிரதிபலிப்பில் கண்ணாடி வெள்ளையாக இருக்கும், வாட்ஸாப்பில் நாலு கை மாறிய வீடியோ என்றால் கேட்கவே வேண்டாம். அப்போது ஸ்டியரிங்கைத் தேடாமல் ஆளைத் தேடுங்கள். காரில் ஒரே ஒரு தலை தெரிந்தால் அவர்தான் ஓட்டுநர். ஜன்னலில் கை மடக்கி வைத்திருப்பவர், டோல்கேட்டில் பணம் நீட்டுபவர், எல்லாம் அதே ஆள். கேமரா காருக்குள் இருந்தால் நடுவில் தொங்கும் பின்காட்டும் கண்ணாடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள், அது ஓட்டுநரை நோக்கித்தான் சாய்ந்திருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், பேருந்தைப் போல ஒரு துப்பு கிடையாது. தூரத்திலிருந்தும் மங்கலான படத்திலும் அதன் கதவு தெரியும். ஆட்கள் ஓரத்தில் இறங்க வேண்டும் என்பதால் கதவு நடைபாதைப் பக்கம்தான் வைப்பார்கள். நம் ஊரில் பேருந்தின் இடது பக்கம் படிக்கட்டு, வலது பக்கம் ஓட்டுநரும் அவசர வழியும். படிக்கட்டே இல்லாத பக்கம் மட்டும் தெரிந்தால்கூட அதுவும் தகவல்தான்.

## மியான்மர் ஏன் இப்படி ஆனது

பிரிட்டிஷ் ஆட்சியில் பர்மாவும் நம் மாதிரி இடப்பக்கம்தான். 1970 டிசம்பர் 6 அன்று ஜெனரல் நே வின் அரசு வலப்பக்கத்துக்கு மாற்றியது. ஜோசியர் சொன்னார், அதனால் மாற்றினார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது, அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். சாலை மாறியது, வண்டிகள் மாறவில்லை. ஏற்கெனவே இருந்தவை வலப்பக்க ஸ்டியரிங். பிற்பாடு வந்தவற்றிலும் ஜப்பானில் ஓடிக் கழிந்தவையே அதிகம். 2011-ல் இறக்குமதியைத் தளர்த்தியபோது இன்னும் பெரிய அலையாக வந்து சேர்ந்தன. ஜப்பானில் இடப்பக்கப் போக்குவரத்து, ஆகவே அந்தக் கார்கள் எல்லாம் வலப்பக்க ஸ்டியரிங்.

விளைவு என்ன? ஓட்டுநர் நடுக்கோட்டை ஒட்டி இல்லாமல் நடைபாதையை ஒட்டி உட்காருகிறார். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது, பக்கத்து இருக்கைக்காரர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜப்பானியப் பழைய பேருந்துகள் இன்னும் மோசம், கதவு இடது பக்கம் இருப்பதால் பயணி நடு ரோட்டில் இறங்குவார். அதனால் பல பேருந்துகளில் வலது பக்கம் புதிதாகக் கதவு வெட்டினார்கள். யாங்கூனில் 2017-ல் நகரப் பேருந்துகளைச் சீரமைத்தபோது வலது பக்கம் கதவுள்ள புதிய வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். கார் இறக்குமதியிலும் பின்னாளில் இடப்பக்க ஸ்டியரிங் பக்கம் தள்ளும் கட்டுப்பாடுகள் வந்தன.

அதனால் இன்றைய மியான்மர் சாலையில் இரண்டு வகைக் கார்களையும் கலந்து பார்க்கலாம். ஒரு வரிசையில் நின்ற ஐந்து கார்களில் மூன்றுக்கு ஓட்டுநர் ஓரத்துப் பக்கம், இரண்டுக்கு நடுப்பக்கம் என்று இருந்தால், அந்தக் கலவையே ஒரு முத்திரை. சீனாவிலோ தாய்லாந்திலோ அப்படி ஒரு கலவை கிடைக்காது.

## ஒரு காட்சியை எடுத்துப் பார்ப்போம்

மாதிரிக்கு, இருபது விநாடி ஓடும் ஒரு வீடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரமான கட்டடத்தின் மொட்டைமாடி நீச்சல் குளத்திலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. கேமரா நடைபாதையில் இருக்கிறது, ஆடுகிறது, கீழே சாலை தெரிகிறது. மேலே "மாண்டலே" என்று எழுதியிருக்கிறது.

1. கட்டடத்தை விட்டுவிட்டு ரோட்டை மட்டும் பாருங்கள், வீடியோவை நிறுத்தி நிறுத்தி. நாலாவது விநாடியில் கேமராவுக்கு அருகில் ஒரு கார் வலதிலிருந்து இடமாக நகர்கிறது. அதற்கு அப்பால் ஒரு பிக்கப் எதிர்த்திசையில் போகிறது. எதிரெதிராக இரண்டு வண்டிகள், ஆக ஒருவழிப் பாதை இல்லை. இடப்பக்கப் போக்குவரத்து. இங்கேயே மாண்டலே அடிபட்டது, ருயிலியும் அடிபட்டது.

2. ஸ்டியரிங்கைச் சரிபாருங்கள். நின்ற காரிலிருந்து ஒருவர் கதவைத் திறந்துகொண்டு சாலை நடுப்பக்கம் இறங்கி ஓடுகிறார், காரில் வேறு யாரும் இல்லை. ஓட்டுநர் நடுக்கோட்டுப் பக்கம், அதாவது வலப்பக்கம். தாய்லாந்துக்குப் பொருந்துகிறது. கவனியுங்கள், இந்தத் துப்பு மட்டும் கையில் இருந்திருந்தால் மியான்மரையும் தாய்லாந்தையும் பிரித்திருக்கவே முடியாது, இரண்டு இடத்திலும் வலப்பக்க ஸ்டியரிங் ஏராளம்.

3. இப்போது வண்டி வகை. பின்னால் ஒரு டாக்ஸி, மேல்பாதி மஞ்சள், கீழ்ப்பாதி பச்சை. இன்னொன்று பளிச்சென்ற இளஞ்சிவப்பு. ஓரத்தில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள் நாலைந்து பேர். இவை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் பாங்காக்.

இதே நாளின் இன்னொரு காட்சி: வெடித்த சாலை, சரிந்த கோபுரம், வலது ஓரத்தில் வரிசையாகக் கார்கள், ஓட்டுநர்கள் நடைபாதைப் பக்கம் இறங்குகிறார்கள். நம்பர் பிளேட் எழுத்து தெரியவில்லை, நிறம் மட்டும் தெரிகிறது: சொந்தக் கார்களில் கறுப்பு, டாக்ஸியில் சிவப்பு. இது மியான்மர். பைக்குகள் நிறைய இருந்தால் யாங்கூனைவிட மாண்டலேவுக்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் யாங்கூன் நகரின் பெரும்பகுதியில் பைக் ஓட்டத் தடை உண்டு.

## கண்ணாடி போலத் திருப்பிய வீடியோ

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அடுத்தவர் வீடியோவைத் திருடிப் போடுகிறவர்கள், தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனையில் மாட்டாமல் இருக்கப் படத்தை இடம் வலம் மாற்றிவிடுவது வழக்கம். செல்ஃபி கேமராவிலும் சில சமயம் இப்படி ஆகும். திருப்பிய சென்னை வீடியோவில் வண்டிகள் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் போய்விடும். பார்க்க துபாய் மாதிரி இருக்கும்.

எழுத்து ஏதாவது தெரிந்தால் வேலை முடிந்தது. எழுத்தே இல்லாவிட்டால், உலகம் முழுக்க ஒரே பக்கம் இருக்கும் பொருள்களைப் பாருங்கள். சைக்கிள் செயின் வலது பக்கம். பெரும்பாலான பைக்குகளில் சைலன்ஸர் வலது பக்கம். சட்டைப் பை இடது மார்பில். நம் ஊர்ப் பெண்கள் சேலை முந்தானையை இடது தோளில் போடுவார்கள், ஒரு தெரு முழுக்க எல்லோருக்கும் வலது தோளில் கிடந்தால் படம் திரும்பியிருக்கிறது. குஜராத்திக் கட்டில் முந்தானை வலது தோள் வழியாக முன்னே வரும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதில் ஒரு அழகான விஷயம் உண்டு. திருப்பினால் சாலையின் பக்கமும் மாறும், ஸ்டியரிங்கும் மாறும், ஆனால் இரண்டுக்கும் இடையிலான உறவு மாறாது. ஓட்டுநர் நடுக்கோட்டை ஒட்டி இருந்தால் திருப்பிய பிறகும் நடுக்கோட்டை ஒட்டித்தான் இருப்பார். ஓரத்தில் இருந்தால் ஓரத்தில்தான். ஆகவே திருப்பிய பாங்காக் வீடியோ சீனா மாதிரி வேஷம் போட முடியும், மியான்மர் மாதிரி போட முடியாது. மியான்மர் வீடியோவைத் திருப்பினால் நாலாவது வகையாக, வர்ஜின் தீவுகள் மாதிரி தெரியும். அப்படி ஒரு அபூர்வ விடை கிடைத்தால், தீவுக்குப் போகும் முன் சைக்கிள் செயினைப் பாருங்கள்.

## இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வந்தால்: தமிழ்நாடா, இலங்கையா?

வங்கக் கடலில் புயல் வந்தால் இரண்டு கரையிலும் வெள்ளம், இரண்டு கரை வீடியோவும் ஒரே குழுவில் வந்து விழும். இடப்பக்கம், வலப்பக்க ஸ்டியரிங், தென்னை மரம், தமிழ்ப் பேச்சு, எல்லாம் பொது. இங்கே வண்டிகளைத்தான் நம்ப வேண்டும், அதிலும் எந்த வண்டியை நம்புவது என்று தெரிய வேண்டும்.

ஆட்டோவைப் பார்த்ததும் இந்தியா என்று சொல்வதுதான் முதல் பிழை. அதே பஜாஜ் ஆட்டோ இலங்கையில் ஓடுகிறது, எத்தியோப்பியாவில் ஓடுகிறது, பெருவில் ஓடுகிறது. ஜகார்த்தாவில் ஆட்டோவுக்குப் பெயரே பஜாஜ்தான். போதாக்குறைக்கு, ஆட்டோவில் கைப்பிடி நடுவில் இருப்பதால் ஸ்டியரிங் துப்பும் கிடையாது. பின்னிருக்கையில் எந்தப் பக்கம் கம்பி வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம், அடைத்த பக்கம்தான் சாலையின் நடுப்பக்கம். பிலிப்பைன்ஸில் பைக்கோடு சேர்த்த பக்கவாட்டுப் பெட்டி வலது பக்கம் இருப்பதும் இதே காரணத்தால், ஓரம் அங்கே வலது.

ஆட்டோவின் நிறம் கொஞ்சம் உதவும். தமிழ்நாட்டில் மஞ்சள், கேரளத்தில் கறுப்பு உடம்பில் மஞ்சள் மேல்பகுதி. இலங்கையில் சிவப்பு, நீலம், பச்சை என்று உரிமையாளர் இஷ்டம். ஒரே தெருவில் நாலு நிறத்தில் ஆட்டோ நின்றால் நான் இலங்கைப் பக்கம் சாய்வேன்.

அதைவிட உறுதியானது நம்பர் பிளேட்டின் நிறம், எழுத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு முன்னும் பின்னும் வெள்ளை, வாடகை வண்டிக்கு முன்னும் பின்னும் மஞ்சள், மின்சார வண்டிக்குப் பச்சை. இலங்கையில் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். ஆகவே வெள்ளத்தில் நின்ற வரிசையில் முகம் காட்டும் வண்டிகளுக்கெல்லாம் வெள்ளை, முதுகு காட்டும் வண்டிகளுக்கெல்லாம் மஞ்சள் என்றால் அது இந்தியா இல்லை. பிரிட்டனிலும் இதே முறைதான், ஆனால் அங்கே தென்னை மரம் நிற்காது.

பேருந்து இங்கும் கைகொடுக்கும், ஆனால் தயாரிப்பைப் பார்க்காதீர்கள், அசோக் லேலண்ட் இரண்டு கரையிலும் ஓடுகிறது. பலகையைப் பாருங்கள். மூன்று மொழி எழுத்து அடுத்தடுத்து இருந்தால், அதில் ஒன்று உருண்டை உருண்டையாகச் சிங்களம் என்றால், இலங்கை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு நிறப் பேருந்தையும் அங்கேதான் பார்க்கலாம். சென்னைப் பேருந்தில் முகப்பு இளஞ்சிவப்பாக இருந்தால் ஊரோடு காலமும் தெரிந்துவிடும். மகளிர் கட்டணமில்லாப் பேருந்துகளுக்கு அந்த நிறம் பூசத் தொடங்கியது 2022-ல், ஆகவே "2015 வெள்ளம்" என்று வந்த வீடியோவில் இளஞ்சிவப்பு முகப்பு தெரிந்தால் அது 2015 இல்லை.

## எதை நம்பக் கூடாது

இந்தத் துப்புகளுக்கு விலக்குவதில்தான் பலம், உறுதிசெய்வதில் இல்லை. வண்டிகள் வலப்பக்கம் போகின்றன, படம் திருப்பப்படவில்லை என்றால் அது சென்னை இல்லை என்று அடித்துச் சொல்லலாம். இடப்பக்கம் போகின்றன என்றால் சென்னை என்று சொல்ல முடியாது, அது கொழும்பாகவும் இருக்கலாம், கோலாலம்பூராகவும் இருக்கலாம்.

எல்லை ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். தாய்லாந்தின் மே சாட்டுக்கும் மியான்மரின் மியாவதிக்கும் நடுவில் ஒரு ஆறுதான், பாலத்தைக் கடந்ததும் பக்கம் மாறும், ஆனால் தாய்லாந்து வண்டிகள் மியாவதியிலும் ஓடும். அங்கே வண்டியை நம்பாமல் சாலையை நம்புங்கள். நேபாளத்தில் இந்திய நம்பர் போட்ட லாரி ஓடுவது சாதாரணம், அங்கே சாலையின் பக்கமும் நம் பக்கமே. தனியாக ஒரு வண்டி மட்டும் வித்தியாசமாக இருந்தால் அதைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. அமெரிக்காவில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கடிதம் போடுவதற்காகவே வலப்பக்க ஸ்டியரிங் வைத்த தபால் வண்டிகள் உண்டு.

பேரிடர் வீடியோவில் கடைசியாக ஒன்று. கட்டடம் இடிந்து ஒரு பாதி சாலை மூடிவிட்டால் எல்லோரும் மீதிப் பாதியில்தான் போவார்கள், எந்த நாடாக இருந்தாலும். அந்த மாதிரிக் காட்சியில் நகரும் வண்டியை விட்டுவிட்டு, நடுக்கம் வருவதற்கு முன்பே ஓரத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது, பேருந்தின் படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.